பிழைக்கு ஒரு பதிவேடு

மரக்காணத்து உப்பளங்களைப் பற்றி மாணவி ஒருத்தி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதுவதாகக் கொள்வோம். தந்தை பத்து ஆண்டுகளாக உப்பளத்தில் வேலை செய்கிறார் என்பதற்கு அவள் ‘இஸ் வொர்க்கிங்’ என எழுதுகிறாள். ஆசிரியர் அதனை அடித்து ‘ஹாஸ் பீன் வொர்க்கிங்’ எனத் திருத்துகிறார். அடுத்த கட்டுரையில், பாட்டி தை மாதத்திலிருந்து உப்பு வாருகிறார் என்று எழுத நேரும்போது, அதே பிழை வேறொரு வினைச்சொல்லில் திரும்பி வருகிறது.

திருத்தம் அவள் கண்ணில் பட்டது, காரணம் படவில்லை. ‘பத்து ஆண்டுகளாக வேலை செய்கிறார்’ என்பது தமிழில் குறையற்ற நிகழ்காலத் தொடர். வேலை முன்பே தொடங்கியது என்பதை ‘ஆண்டுகளாக’ என்னும் சொல்லே உணர்த்திவிடுவதால், வினைமுற்று அதனைத் தனியே காட்ட வேண்டியதில்லை. ஆங்கிலத்திலோ வினையும் காட்டியாக வேண்டும். எனவே, அவள் கவனம் பிசகவில்லை. தமிழின் ஒழுங்கை ஆங்கிலத்திலும் பின்பற்றிவிட்டாள்.

மொழியியல் அறிஞர் பிட் கார்டர் 1967ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றில், கைதவறி நேரும் பிழையையும் கற்பவர் மனத்திலுள்ள விதியிலிருந்து பிறக்கும் பிழையையும் வேறுபடுத்திக் காட்டினார். பதிவேட்டுக்கு உரியது பின்னதே. விரைவில் விடுபட்ட எழுத்துகளையெல்லாம் குறித்தால் ஏடு நிரம்பும். எவரும் அதனைத் திரும்பப் பார்க்கமாட்டார்.

இடப்பக்கம் தவறும் வலப்பக்கம் சரியும் எழுதிவைக்கும் வழக்கம் பள்ளிகளில் உண்டு. அது போதாது. பிழையான தொடர், திருத்திய தொடர் ஆகியவற்றுக்குக் கீழே, அப்பிழைக்குக் காரணமான தமிழ்த் தொடரையும் எழுத வேண்டும். இம்மாணவியின் பதிவில் அது ‘ஆண்டுகளாகச் செய்கிறார், தையிலிருந்து வாருகிறார்’ என அமையும். அடுத்த கட்டுரையை ஒப்படைக்குமுன், இவ்வொரு பிழைக்காக மட்டும் அதனை ஒருமுறை படித்து, ‘ஃபார்’, ‘சின்ஸ்’ வரும் இடங்களில் வினையைச் சரிபார்க்க வேண்டும்.

இங்கே வேறொரு சிக்கல் எழலாம். ‘ஃபார்’ கண்ட இடமெல்லாம் ‘ஹாஸ் பீன்’ எழுதும் பழக்கம் வந்துவிடும். தாத்தா முன்பு இரண்டு ஆண்டுகள் உப்பளத்தில் வேலை செய்தார் என்பதற்கும் அவள் அவ்வாறே எழுதினால், பதிவிலுள்ள விதி மிக அகன்றுவிட்டது என்று பொருள். தீர்வு தமிழ்த் தொடரிலேயே இருக்கிறது. ‘செய்கிறார்’ என முடிந்தால் வேலை இன்னும் தொடர்கிறது. ‘ஹாஸ் பீன் வொர்க்கிங்’ பொருந்தும். ‘செய்தார்’ என முடிந்தால் வேலை நின்றுவிட்டது, ‘வொர்க்ட்’ போதும். இந்த வேறுபாட்டையும் அதே பதிவில் சேர்க்க வேண்டும்.

அடுத்தடுத்து மூன்று கட்டுரைகளில் பிழை வராவிடில் அப்பதிவை அடித்துவிடலாம். ஆனால், அத்தகைய தொடருக்கே இடமில்லாத கட்டுரையைக் கணக்கில் சேர்க்கலாகாது.