‘போல’ இல்லாத உவமை: கல்மரமும் சூளையும்

சென்ற ஆண்டு, குறும்படம் எடுக்கும் மாணவர் சிலர் தம் படத்தின் முதல் தொகுப்பைக் காட்ட நம்மிடம் வந்திருந்தனர். களம் பெரம்பலூரும் அரியலூரும். காரைப் பக்கத்து ஓடைகளில் பொறுக்கிய அம்மோனைட் ஒன்றைப் பாட்டனார் உள்ளங்கையில் வைத்துப் பேரனுக்குக் காட்டுகிறார். அந்தக் கல்லின் சுருள் திரையை நிறைக்கிறது. அடுத்த நொடி அதே இடத்தில், அதே அளவில், எண்ணெயில் வேகும் ஒரு முறுக்கு. கோடு பிசகாத பொருத்தம். ஆனால் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். பாட்டனாரின் மரணத்தை நோக்கி நகரவேண்டிய படம் அது.

இரு காட்சிகளை வடிவ ஒப்புமையால் ஒட்டும் இந்த வெட்டை மேட்ச் கட் என்பர். இலக்கணம் பயின்றவருக்கு இது புதிதன்று. ‘போல’ என்னும் உருபு தொக்கு நிற்கும் உவமைத்தொகையே இது. திரையில் உருபைக் காட்ட வழியில்லை. பொருளும் உவமையும் அடுத்தடுத்து நிற்க, இடையில் உள்ள சொல்லைப் பார்ப்பவரே நிரப்பிக்கொள்கிறார். தொல்காப்பியர் உவமவியலின் தொடக்கத்திலேயே உவமை பிறக்கும் இடங்களை வினை, பயன், மெய், உரு என நான்காக வகுத்துவிட்டார். மெய் என்பது வடிவு, உரு என்பது நிறம். இவற்றையும் வினையையும் காமிரா நேராகப் பிடித்துவிடும். பயன் மட்டும் அதற்கு அகப்படுவதில்லை. மேட்ச் கட் தோற்கும் இடம் பெரும்பாலும் இதுவே என்பது நம் கருத்து. முறுக்கும் அம்மோனைட்டும் மெய்யால் ஒன்று, பயனால் ஒன்றுமில்லை. உவமை வடிவோடு நின்றுபோகும்போது பார்ப்பவர் அதை வேடிக்கையாகவே கொள்கிறார். நகைச்சுவைப் படமாயின் அது குறையன்று.

பலரும் எடுத்துக்காட்டும் குப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ (1968) படத்தையே பாருங்கள். மனிதக் குரங்கு வானில் எறிந்த எலும்பு, விண்ணில் மிதக்கும் கலமாகிறது. நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் இரண்டின் கோணமும் இடமும் அச்சாக ஒன்றல்ல, சற்றே துள்ளுகிறது. யாரும் அதைக் குறையாகச் சொல்வதில்லை. எலும்பு கொல்லும் கருவியாயிற்று என்பதைச் சற்று முன்னர்தான் கண்டோம். கருவியிலிருந்து கருவிக்கு என்ற பயன் ஒப்புமை, வடிவின் பிசகை விழுங்கிவிடுகிறது. முறுக்கில் நடந்தது இதன் தலைகீழ்.

மாணவர்களிடம் நாம் இவ்வளவும் சொல்லவில்லை. ‘இந்த மண்ணில் வேறு எது எதைப் போல் இருக்கிறது?’ என்று மட்டும் கேட்டோம். விடையை அவர்களே கொண்டுவந்தார்கள்.

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் வேலிக்குள் கிடக்கும் கல்மரத்தை இவ்வூரார் அறிவர். ஏறக்குறைய 18 மீட்டர் நீளம். வயது 12 கோடி ஆண்டு என்பார்கள். கடலுக்கு அடித்துவரப்பட்டு, மணலில் புதைந்து, மரம் முழுதும் கல்லாய்ப்போன தண்டு. அரியலூர்ப் பக்கம் வந்தால் சிமெண்ட் ஆலைகளில் அதைப் போலவே படுத்திருக்கும் இன்னொரு நீண்ட உருளை உண்டு. சுண்ணாம்புக்கல்லைச் சுடும் சுழல் சூளை அது. ஒருபுறம் சிறிதே தாழ்ந்து, மெல்லச் சுழன்றபடி, உள்ளே 1,400 பாகைக்கு மேற்பட்ட வெம்மையைச் சுமந்து நிற்பது. அதற்குள் போகும் கல்லும் கடல் தந்ததே. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புப் படிவில் சிப்பியோடுகள் நெருங்கிக் கிடப்பதைக் குவாரி ஓரத்தில் எவரும் காணலாம். அது சுமார் 7 கோடி ஆண்டுப் பழமையது, ஆகவே மரத்தின் காலமும் சிப்பியின் காலமும் வேறு. ஆயினும் இந்நிலத்தின் மீது ஏறி இறங்கிய கடலின் மிச்சமே இரண்டும். (இரு மாவட்டங்களும் பிரிந்து, சேர்ந்து, 2007-இல் மீண்டும் பிரிந்தன. கடலுக்கு அந்த எல்லை தெரியாது.) ஒரு மிச்சத்தை வேலியிட்டுக் காக்கிறோம், மற்றொன்றைச் சுட்டு மூட்டையில் கட்டுகிறோம். பாட்டனார் பேரனுக்கு மரத்தைக் காட்டுகிறார். பேரனின் தந்தை சூளையடியில் வேலை பார்க்கிறார். படத்தில் எவரும் சொல்லாத செய்தி, ஒரு வெட்டில் சொல்லப்பட்டுவிடும்.

எண்ணம் நன்று, எடுத்தது முதலில் பொருந்தவில்லை. அவர்கள் எளியதை முதலில் எடுத்துவிட்டார்கள். மரத்தைக் காலையில், சாய்வான கோணத்தில், அருகே நின்று எடுத்தார்கள். ஆலைக்குள் அனுமதி கிடைக்கவில்லை. ஆகவே சூளையை மாலையில், சாலையோரத்திலிருந்து தொலைவு லென்ஸில் எடுத்தார்கள். ஒட்டிப் பார்த்தபோது மரத்தின் அருகு முனை பருத்துத் தொலை முனை ஒடுங்கியது, சூளையோ முழுதும் ஒரே பருமன். மரத்தின் மேற்புறம் இடப்பக்கமிருந்து வெளிச்சம், சூளைக்கு வலப்பக்கமிருந்து. உருளையின் வடிவைக் கண்ணுக்குச் சொல்வதே ஒளியும் நிழலும்தாம். நிழல் இடம் மாறினால், விளிம்புக் கோடுகள் ஒத்திருந்தாலும் கண் அதை வேறு பொருள் என்றே கொள்கிறது.

ஆகவே முறை தலைகீழாயிற்று. நம் வசத்தில் இல்லாததை முதலில் எடுத்து, இசைவதை அதற்கேற்ப எடுப்பது. சூளைக் காட்சியிலிருந்து ஒரு சட்டத்தைக் கைபேசியில் வைத்துக்கொண்டு மீண்டும் சாத்தனூர் போனார்கள். இம்முறை மாலையில், சூரியன் அதே பக்கம் இருக்கும் நேரத்தில். கோணம் வேண்டாம், தண்டுக்கு நேர் எதிரே நின்று எடுங்கள் என்றோம். நேர்ப்பக்கமாக எடுத்தால், அருகிலிருந்து எடுத்ததும் தொலைவிலிருந்து எடுத்ததும் அவ்வளவாக வேறுபடா. சூளையின் சரிவு ஏறக்குறைய இரண்டு பாகை. மரத்தை நகர்த்த முடியாது, காமிராவை அந்த அளவுக்குச் சாய்க்கலாம். ஆனால் தொடுவானமோ வேலிக் கம்பமோ சட்டத்துக்குள் வந்தால் சாய்வு உடனே காட்டிக்கொடுத்துவிடும். எனவே தண்டும் மண்ணும் மட்டும் தெரியுமாறு சட்டத்தை இறுக்கினார்கள்.

எஞ்சியது தொகுப்பு மேசையில். ஒரு காட்சியின் மேல் மற்றதைப் பாதி ஒளிபுகும்படி போட்டு, விளிம்புகள் சேரும்வரை சிறிதே பெருக்கினார்கள். 4கே அளவில் எடுத்திருந்ததால் பெருக்கியும் தெளிவு கெடவில்லை. அதன் பின்னும் வெட்டு இடறியது. காரணம் வடிவில் இல்லை, பார்வையில் இருந்தது. மரக் காட்சியின் முடிவில் பேரனின் கை தண்டைத் தடவியபடி சட்டத்தின் வலப்புறம் வந்து நின்றது. பார்ப்பவர் கண்ணும் அங்கே நின்றது. சூளைக் காட்சியிலோ அசைவு இடப்புறம், சுழலும் வளையத்தில். கண் வலமிருந்து இடம் போவதற்குள் ஒப்புமை கலைந்துவிட்டது. கை நிற்கும்வரை காத்திராமல், அது இடப்பக்கத்தில் நகர்ந்துகொண்டிருக்கும்போதே வெட்டினார்கள். கையின் அசைவு விட்ட இடத்தில் வளையத்தின் சுழற்சி தொடங்கிற்று. மெய்யோடு வினையும் சேர்ந்தது.

ஒலியில் மட்டும் நமக்கும் அவர்களுக்கும் இன்னும் கருத்து வேறுபாடு. சூளையின் இரைச்சலை மரக் காட்சியிலேயே மெல்லத் தொடங்கிவிடலாம் என்கிறார் தொகுத்த மாணவி. அப்படிச் செய்தால் மாற்றம் வழுவழுப்பாகும் என்பது உண்மை. ஆனால் உவமையை முன்கூட்டி அறிவித்துவிடுகிறது, ‘போல’ என்ற சொல்லை நாமே சொல்லிவிட்டது மாதிரி. காற்றின் ஓசை வெட்டுவரை இருந்து, இரைச்சல் படத்தோடு சேர்ந்தே வரட்டும் என்பது நம் பக்கம். இரண்டு வடிவங்களையும் அடுத்த வாரம் சாத்தனூர்க்காரர்கள் சிலருக்கும் ஆலைத் தொழிலாளர் சிலருக்கும் போட்டுக் காட்டப்போகிறார்கள். முறுக்கைப் பார்த்துச் சிரித்தவர்களும் அதில் உண்டு.