உட்கார்ந்து அளந்தால் போதாது: ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் அளவைப் பற்றி ஒரு கருத்து

சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் தாமே பழுதடைந்தவர்களுக்கு இரண்டு மாத்திரைகள் வாழ்நாள் முழுவதும் தேவைப்படுகின்றன. ஒன்று, கார்ட்டிசோலுக்கு ஈடாகத் தரப்படும் ஹைட்ரோகார்ட்டிசோன். மற்றொன்று, அல்டோஸ்டீரோன் என்னும் உப்புக்காப்பு ஹார்மோனுக்கு ஈடான ஃப்ளூட்ரோகார்ட்டிசோன். முதல் மாத்திரையைப் பற்றி நோயாளிகளும் குடும்பத்தாரும் நிறையக் கேட்கின்றனர். இரண்டாவது, ஒருமுறை எழுதிக்கொடுத்த அளவிலேயே ஆண்டுக்கணக்கில் தொடர்ந்துவிடுகிறது. பெரம்பலூர், அரியலூர் போன்ற வெயில் மிகுந்த மாவட்டங்களில் இது சரியன்று என்பதே என் கருத்து. இந்த மாத்திரையின் அளவைப் பருவத்திற்கேற்ப மறுபரிசீலனை செய்ய வேண்டும். அதற்கு நின்ற நிலை இரத்த அழுத்தம், பொட்டாசியம், ரெனின் ஆகிய மூன்றையும் இந்த வரிசையிலேயே பார்க்க வேண்டும்.

அல்டோஸ்டீரோன் செய்யும் வேலை எளியது. சிறுநீரில் வெளியேற இருக்கும் சோடியத்தைத் திரும்ப உடலுக்குள் இழுக்கிறது. பொட்டாசியத்தை வெளியே தள்ளுகிறது. அது இல்லாவிடில் உப்பும் நீரும் கசிந்துபோகும், இரத்த ஓட்டத்தின் கொள்ளளவு குறையும், பொட்டாசியம் தேங்கும். ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் இக்கசிவை அடைக்கிறது. பெரியவர்களுக்கு வழக்கமாக நாளொன்றுக்கு 50 முதல் 100 மைக்ரோகிராம் வரையில், காலையில் ஒரே வேளையாகத் தொடங்குகிறோம். இங்குக் கிடைக்கும் மாத்திரை பெரும்பாலும் 100 மைக்ரோகிராம். ஆகவே அரை மாத்திரையோ ஒரு மாத்திரையோ.

பல நோயாளிகளிடம் காண்பவற்றைச் சேர்த்து ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். சின்ன வெங்காயம் பயிரிடும் நாற்பது வயதுப் பெண்மணி ஒருவர் தினமும் 20 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோனும் அரை மாத்திரை ஃப்ளூட்ரோகார்ட்டிசோனும் எடுத்து வருகிறார். மார்கழியில் நலமாக இருந்தவர், சித்திரையில் களை எடுக்கக் குனிந்து நிமிரும்போதெல்லாம் கிறுகிறுக்கிறது என்கிறார். ஊறுகாயும் அப்பளமும் தேடித் தேடி உண்கிறார். வீட்டில் கணவருக்கு உயர் இரத்த அழுத்தம் என்பதால் குழம்பில் உப்பைப் பாதியாகக் குறைத்துவிட்டனர். உட்கார்ந்த நிலையில் அவருடைய இரத்த அழுத்தம் 110/70. "பிரஷர் நன்றாகத்தானே இருக்கிறது" என்று அனுப்பிவிட ஏதுவான எண் அது.

அவரை ஐந்து நிமிடம் படுக்கவைத்து அளந்தால் 112/72. எழுந்து நின்று மூன்றாம் நிமிடத்தில் அளந்தால் 88/60. நிற்கும்போது மேல் எண் 20 அல்லது அதற்கு மேலோ, கீழ் எண் 10 அல்லது அதற்கு மேலோ இறங்கினால் அதைப் பொருட்படுத்தியே ஆக வேண்டும். வெயிலில் வியர்வையோடு உப்பும் போகிறது. சமையலிலும் உப்புக் குறைந்துள்ளது. அரை மாத்திரை இவ்விரண்டையும் ஈடுசெய்யவில்லை. ஆகவே ஒவ்வொரு வருகையிலும் படுத்த நிலை, நின்ற நிலை என இரண்டு எண்களும் நோயாளியின் சிகிச்சைக் குறிப்பேட்டில் இடம்பெற வேண்டும் என்கிறேன். "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டிற்கு வரும் சுகாதாரத் தன்னார்வலரிடமும் நின்று அளக்கும்படி கேட்கலாம். உப்பைக் குறையுங்கள் என்று அவர்கள் பொதுவாகச் சொல்லும் அறிவுரை உயர் அழுத்தம் உள்ளவர்களுக்குரியது. இந்நோய் உள்ளவர்களுக்கு அன்று.

அடுத்தது பொட்டாசியம். இப்பெண்மணிக்கு அது 5.5, வழக்கமான வரம்பு ஏறத்தாழ 3.5 முதல் 5 வரை. சோடியம் 131, அது 135க்குக் குறையக் கூடாது. இங்கே வெயிலுக்கு நாம் செய்யும் ஒரு நல்ல காரியமே தீங்காகிறது. இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. மற்றவர்களுக்கு ஏற்ற பானம், இவருடைய உடலில் வெளியேற வழியின்றித் தேங்கும் பொட்டாசியத்தை மேலும் கூட்டுகிறது. கடைகளில் "சோடியம் குறைந்த உப்பு" என விற்பவற்றிலும் பொட்டாசியமே சேர்க்கப்படுகிறது; அதை இவர்கள் தொடவே கூடாது. உப்பிட்ட மோர், உப்பிட்ட நீராகாரம், கஞ்சி ஆகியவையே இவர்களுக்குரிய கோடைப் பானங்கள்.

மூன்றாவது ரெனின். உப்பும் நீரும் குறைவதாகச் சிறுநீரகம் உணரும்போது சுரக்கும் பொருள் இது. ரெனின் மிகுந்திருந்தால், உடல் இன்னும் உப்புக் கேட்கிறது என்று பொருள். மிகவும் தாழ்ந்திருந்தால், மாத்திரை தேவைக்கு மேல் போய்விட்டது என்று பொருள். இயல்பு வரம்பின் மேற்பகுதியில் அது நிற்பதே நம் இலக்கு. நம் பெண்மணிக்கு அது மேல் வரம்பைப் போல் இருமடங்கு இருந்தது. மூன்று சான்றுகளும் ஒரே திசையைக் காட்டியதால் மாத்திரை அரையிலிருந்து ஒன்றாயிற்று. சமையலில் உப்பும் திரும்பியது. இரண்டு வாரத்தில் நின்ற நிலை அழுத்தம் 106/70, பொட்டாசியம் 4.5, கிறுகிறுப்பும் நின்றது.

ரெனின் செலவுமிக்க பரிசோதனை. மாதிரி பெரும்பாலும் வெளியூர் ஆய்வகத்திற்குப் போக வேண்டும். ஆகையால் அதை மாதந்தோறும் செய்ய வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆண்டிற்கு ஒருமுறையும், அளவை மாற்றிச் சில வாரங்கள் கழித்தும், அறிகுறியும் மற்ற இரண்டு எண்களும் ஒத்துவராதபோதும் செய்தால் போதும். இரத்த அழுத்தத்திற்கான மாத்திரைகள் சில ரெனினை உயர்த்தும், சில தாழ்த்தும். எனவே எடுத்துவரும் எல்லா மருந்துகளின் பட்டியலையும் கொண்டுவாருங்கள். அதிமதுரம் சேர்ந்த சூரணமோ கஷாயமோ அருந்தினால் அதையும் சொல்லுங்கள். அது அழுத்தத்தை உயர்த்தி, பொட்டாசியத்தையும் ரெனினையும் தாழ்த்திக் கணக்கைக் குழப்பும்.

மீண்டும் மார்கழி வரும்போது அதே ஒரு மாத்திரை மிகையாகக்கூடும். கணுக்கால் வீங்குகிறது, அழுத்தம் 148/92, பொட்டாசியம் 3.4; ரெனின் கீழ் வரம்பிற்கும் கீழே. அப்போது செய்ய வேண்டியது மாத்திரையைக் குறைப்பது: ஒரு நாள் ஒன்று, மறுநாள் அரை. முற்றிலும் நிறுத்துவது தவறு. குறைத்த பின்னும் அழுத்தம் இறங்காவிடில், அதற்கென வேறு மருந்து சேர்த்து, ஃப்ளூட்ரோகார்ட்டிசோனைத் தொடர வேண்டும். இம்மாற்றங்கள் எதையும் மருத்துவரைக் கேளாமல் செய்யாதீர்கள்.

ஓர் எல்லையையும் அறிந்திருங்கள். காய்ச்சல் வந்தால் கூட்ட வேண்டியது ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் அன்று, ஹைட்ரோகார்ட்டிசோன். வாந்தியால் மாத்திரை தங்காவிட்டாலோ, மயக்கம் வந்தாலோ, 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசியும் உப்பு நீர் ஏற்றுதலும் உடனே தேவை. அருகிலுள்ள மருத்துவமனைக்கு விரைந்து, நோயின் பெயரை முதலில் சொல்லுங்கள். மற்ற நாட்களில், பங்குனி பிறந்ததும் ஒருமுறை, மார்கழியில் ஒருமுறை படுத்தும் நின்றும் அழுத்தம் அளந்து, பொட்டாசியம் பார்த்து, அந்த எண்களோடு வாருங்கள்.