இன்வாய்ஸைத் திருத்தியாச்சு... 3,600 ரூபாய் எங்கே?

திண்டிவனத்தில் சித்தப்பாவுக்கு ஹார்டுவேர் கடை. 2025 ஜூன் மாதம், கடைச் சரக்குக்கு ஒரு தீ விபத்து பாலிசி எடுத்தார். எடுத்தது விழுப்புரத்தில் உள்ள கிளையில். பிரீமியம் 20,000 ரூபாய், அதன்மேல் 18 சதவிகித ஜி.எஸ்.டி 3,600 ரூபாய். கடைக்கான பாலிசி என்பதால், இந்த 3,600 ரூபாயைத் தான் கட்டவேண்டிய வரியில் அவர் கழித்துக்கொள்ளலாம். (காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் கடைக்காரர்களுக்கு இந்தச் சலுகை இல்லை.)

ஜூலை 14-ம் தேதி ஜி.எஸ்.டி தளத்தில் GSTR-2B வந்தது. அதில் இந்த பில்லையே காணோம். இன்வாய்ஸை எடுத்துப் பார்த்தால், ஜி.எஸ்.டி எண் இருக்கவேண்டிய இடம் காலி! பொதுவாக எண்ணில் ஓர் இலக்கம் மாறினால் கம்ப்யூட்டரே ஏற்காது. 15-வது எழுத்து அதைச் சரிபார்க்கத்தான் இருக்கிறது. அதனால் காலியாக விடுவது, அல்லது வேறு யாருடைய எண்ணையோ போட்டுவிடுவது, இந்த இரண்டு தவறுகள்தான் அதிகம் தப்பிவிடுகின்றன.

பாலிசி நகலையும் ஜி.எஸ்.டி பதிவுச் சான்றிதழையும் இணைத்து, எண்டார்ஸ்மென்ட் கேட்டு மெயில் அனுப்பினோம். பத்தே நாளில், எண்ணைச் சேர்த்துப் புது இன்வாய்ஸ் வந்தது. "முடிஞ்சுதுப்பா" என்றார் சித்தப்பா. ஆனால் ஆகஸ்ட் 14, செப்டம்பர் 14 இரண்டு தேதிகளிலும் 2B-யில் பில் வரவில்லை.

விசாரித்தபோதுதான் புரிந்தது. கிளை மாற்றியது காகிதத்தை மட்டும். நிறுவனத்தின் கணக்குப் பிரிவு GSTR-1 ரிட்டர்னில் இந்த விற்பனையை, ஜி.எஸ்.டி எண் இல்லாத சாதாரண வாடிக்கையாளருக்கு விற்றதாகவே வைத்திருந்தது. அந்தக் கணக்கிலிருந்து கழித்து, சித்தப்பாவின் எண்ணுக்கு விற்றதாகக் காட்டினால்தான் நம் 2B-க்கு வரும். இன்வாய்ஸ் கையில் இருக்கிறதே என்று 2B-யில் வராத தொகையைக் கழித்துக்கொண்டால், பிறகு நோட்டீஸ் வரும்.

இரண்டாவது மெயிலில் கேட்டது ஒரே கேள்வி: "திருத்திய இன்வாய்ஸை எந்த மாத GSTR-1-ல் காட்டுவீர்கள்?" கணக்குப் பிரிவுக்கும் அது போனது. அக்டோபர் 14-ல் 3,600 ரூபாய் வந்து உட்கார்ந்தது.

இதற்குக் கெடு உண்டு. 2025-26 நிதியாண்டின் பில் என்றால் 2026 நவம்பர் 30, அல்லது அந்த ஆண்டுக்கான ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யும் நாள், எது முந்தியதோ அது. நிறுவனம் இழுத்தடித்தால் அதன் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதலாம். அங்கும் பதில் இல்லையென்றால் ஐ.ஆர்.டி.ஏ.ஐ-யின் 'பீமா பரோசா' தளத்தில் புகார் பதியலாம்.

அடுத்த ரினியூவலில் பணம் கட்டும் முன்பே ஜி.எஸ்.டி எண்ணைப் பார்த்துவிடச் சொல்லியிருக்கிறேன். "நீயே விழுப்புரத்துக்கு வந்து பாரு" என்றுவிட்டார் சித்தப்பா.