காசு போச்சா, சீற் இருக்கா?

இரவு பஸ்ஸுக்கு ஒன்லைனில் சீற் பதிகிற தளங்களில் 'அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்' என்றொரு பக்கம் இருக்கும். கணக்கு, கட்டணம், கொள்கை என்று தலைப்புகள். அதெல்லாம் அலுவலகத்தின்ர பிரிவுகள். பஸ் வெளிக்கிட ஒரு மணித்தியாலம் இருக்கேக்க எங்களுக்கு வாற பயம் வேற: "காசு கழிபட்டிட்டுது, ரிக்கெற் வரேல்ல." இதை எந்தத் தலைப்புக்குள்ள தேடுறது? ஆரும் தேடுறேல்ல, போன்தான் எடுக்கிறம்.

ஆகவே, அந்தப் பக்கத்தை எழுதுகிறவர் முதலில் போனுக்குப் பதில் சொல்கிற பிள்ளைக்குப் பக்கத்தில் இரண்டு கிழமை இருக்கவேண்டும் என்கிறோம். அழைப்பவரின் முதல் வசனத்தை அப்படியே கொப்பியில் எழுதட்டும். "சீற் எனக்கு இருக்கா?", "காசு திரும்ப வருமா?", "பஸ் எங்க நிக்கும்?" கூட வந்தது மேலே போகட்டும். அந்தச் சொற்களே தலைப்பாகட்டும்.

பதிலின் முதல் வசனம் பயத்துக்கு: "பதிவு இலக்கம் வராவிட்டால் சீற் பதியப்படவில்லை, கழிந்த காசு திரும்பும்." அடுத்தது, எத்தனை நாளில், அதுக்குள்ள வராட்டி ஆருக்கு எடுக்கிறது. 'விரைவில்' என்று எழுதினால் நாளைக்கும் அதே அழைப்புத்தான். கட்டணம் பிழைத்த திரையிலேயே இந்தப் பதிலுக்கு இணைப்பும் வேணும்.

பிறகும் கொப்பியை மூடக்கூடாது. "காசு வருமா?" குறைந்து, "சொன்ன நாள் முடிஞ்சுது, இன்னும் வரேல்ல" என்று கூடினால், திருத்தவேண்டியது பக்கத்தையல்ல, காசு திருப்புகிற வேலையை.