ஊருக்குக் கிளம்பும்போது முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்தீர்களா?

புனேயில் ஸ்கேன் டாக்டராக இருப்பதால், நம்மூர்க் குடும்பங்களிடமிருந்து எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே கேள்விதான். "குழந்தை எடை 1870 கிராம்னு போட்டிருக்கு, கம்மியா டாக்டர்?" எத்தனை வாரம் என்று தெரியாமல் இதற்குப் பதில் கிடையாது. அந்த வாரத்தை யார், எப்போது கணக்கிட்டார்கள் என்பதுதான் என் முதல் கேள்வி.

ஸ்கேன் மெஷின் தராசு இல்லை. தலையின் அகலம், தலைச் சுற்றளவு, வயிற்றுச் சுற்றளவு, தொடை எலும்பின் நீளம், இந்த நான்கையும் நாங்கள் அளக்கிறோம். 1985-ல் ஹூஸ்டனில் ஹாட்லாக் குழுவினர் வெளியிட்ட சூத்திரத்தில் மெஷின் அவற்றைப் போட்டு ஒரு எடையைச் சொல்கிறது. அது உண்மையான எடையிலிருந்து 10, 15 சதவீதம் வரை விலகலாம். வயிற்றளவில் ஒரு சென்டிமீட்டர் பிசகினாலே 34 வாரத்தில் நூறு கிராம் மாறிவிடும்.

தேதிக்கு வருகிறேன். முதல் மூன்று மாதத்தில் எல்லாக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்கின்றன. அதனால் அப்போது தலை முதல் பிட்டம் வரை அளந்தால் (ரிப்போர்ட்டில் CRL என்று இருக்கும்) கர்ப்பத்தின் வயது ஒரு வாரத்துக்குள் சரியாக வரும். எட்டாம், ஒன்பதாம் மாதத்தில் அப்படி இல்லை. ஒரே வயதுக் குழந்தைகள் பெரிதும் சிறிதுமாகப் பிரிந்துவிடுவதால், அளவை வைத்து வயது சொன்னால் மூன்று வாரம் வரை தவறலாம்.

நம் வீடுகளில் சிக்கல் இங்கேதான். முதல் ஸ்கேன் புனேயில். வளைகாப்பு முடிந்து பிரசவம் அம்மா வீட்டில். இங்கே 12 வாரத்தில் ஸ்கேன் எடுத்த ஒரு பெண், 34 வாரத்தில் ஊர் ஆஸ்பத்திரியில் மறுபடி எடுத்தார். பழைய ஃபைல் புனே பீரோவில். தலையும் தொடை எலும்பும் 32½ வாரத்துக்கு உரிய அளவு, வயிறு 31 வாரத்துக்கு உரியது. மெஷின் சராசரி போட்டு 32 வாரம் 1 நாள் என்றது. அதையே வைத்து பிரசவ தேதியை 13 நாள் தள்ளி எழுதிவிட்டார்கள். 1870 கிராம் 32 வாரத்துக்கு ஏறக்குறைய சராசரி எடை. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. "சின்னக் குழந்தைன்னா சுகப்பிரசவம்" என்று பாட்டி வேறு!

உண்மையான 34 வாரக் கணக்கில் பார்த்தால், நூறு குழந்தைகளில் கடைசிப் பத்துக்குள் வரும் எடை அது. தேதியை மாற்றியதும் கேள்வியே மறைந்துவிட்டது.

கணவர் போனில் சொன்னதைக் கேட்டு, முதல் ரிப்போர்ட்டைத் தேடி அனுப்பச் சொன்னேன். பழைய தேதி திரும்ப வந்தது. இரண்டு வாரம் கழித்து மறு ஸ்கேன். (அதற்கு முன்பே எடுத்தால் அளவுப் பிழையே வளர்ச்சியைவிடப் பெரிதாக இருக்கும்.) வயிறு சுமார் 2 செ.மீ. கூடியிருக்க வேண்டும், கூடியது 4 மில்லிமீட்டர். டாப்ளரில் தொப்புள்கொடி ரத்த ஓட்டத்துக்கு எதிர்ப்பு அதிகம். நஞ்சுக்கொடி சரியாக ஊட்டவில்லை என்று அர்த்தம். அப்போது குழந்தை மூளைக்கு ரத்தத்தை ஒதுக்கிக்கொண்டு, கல்லீரலில் சேர்த்த சத்தைச் செலவழிக்கும். அதனால்தான் வயிறு முதலில் பின்தங்குகிறது. 37 வாரத்தில் பிரசவம் பார்த்தார்கள். 2.1 கிலோ, நலம்.

சின்னக் குழந்தை எல்லாம் நோயாளிக் குழந்தை இல்லை. அம்மா 148 செ.மீ. உயரம் என்றால் குழந்தையும் அளவாகத்தான் இருக்கும். ஸ்கேனுக்கு ஸ்கேன் தன் கோட்டிலேயே வளர்ந்து, நீரும் டாப்ளரும் சரியாக இருந்தால் அது வெறும் சின்னக் குழந்தை. ஒரு நாள் எடையை மட்டும் வைத்து இந்த இரண்டையும் பிரிக்க முடியாது.

பெரிய குழந்தை விஷயத்தில் பயம் வேறு மாதிரி. "4 கிலோ வந்துடுச்சு, ஆபரேஷன்தானா?" அந்த 4 கிலோ 3.4-ஆகவும் இருக்கலாம், 4.6-ஆகவும் இருக்கலாம். தலையும் எலும்பும் வாரத்துக்குச் சரியாக இருந்து வயிறு மட்டும் முந்தினால் நான் முதலில் கேட்பது அம்மாவின் சர்க்கரை. கூடுதல் சர்க்கரை கல்லீரலிலும் தோலடிக் கொழுப்பிலும் சேர்கிறது. தோள் அகன்று, தலை வெளியே வந்தபின் தோள் சிக்கும் ஆபத்து அங்கேதான் அதிகம். சர்க்கரை உள்ள அம்மாவுக்கு மதிப்பீடு 4.5 கிலோவைத் தாண்டினால் சிசேரியன் பற்றிப் பேசுவது நியாயம். சர்க்கரை இல்லாமல், 3.8 என்ற ஒரே எண்ணுக்காகத் தேதி குறித்தால், எதனால் என்று டாக்டரிடம் கேளுங்கள்.

முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டை ஒரு போட்டோ எடுத்து கணவர் போனிலும் அம்மா போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். பீரோ ரயிலேறாது :-)