ஒரு மதிப்பெண்ணில் கைமாறும் பதக்கம்

80 முதல் 89 வரை 9 புள்ளி, 70 முதல் 79 வரை 8 புள்ளி எனத் தரமிடும் பல்கலைக்கழகத்தில் இரு மாணவியர். எல்லாத் தாள்களுக்கும் ஒரே கிரெடிட். ஒருவர் அனைத்திலும் 80 பெறுகிறார், சிஜிபிஏ 9.00. மற்றவர் பாதித் தாள்களில் 89, மீதியில் 79. சராசரி 84, சிஜிபிஏ 8.50. தங்கப் பதக்கம் முன்னவருக்கு!

செமஸ்டர் புள்ளிகளைக் கிரெடிட்டால் பெருக்கிக் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுக்கும் சூத்திரத்தில் குற்றமில்லை. மதிப்பெண் தரப்புள்ளியாக மாறும்போதே வேறுபாடு அழிந்துவிடுகிறது. அழித்தபின் இரண்டாம் தசமத்தைப் பார்த்து ரேங்க் சான்றிதழ் அச்சிடுவது துல்லியமன்று, பாசாங்கு. முதல் வகுப்பு அறிவிக்கத் தரப்புள்ளி போதும். பதக்கத்துக்குக் கிரெடிட் எடையிட்ட மூல மதிப்பெண்ணையே கொள்ளவேண்டும். அது தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் கோப்பில்தான் இருக்கிறது.