மெல்லிய தாரை: குற்றம் எங்கே?



அந்தமானின் ஹட் பே ஊரில் ஒரு சகோதரியின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். சமையலறைச் சுவரில் இருந்த ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து நூல் போன்ற தாரையே இறங்கிற்று. மெம்பிரேன் கெட்டுவிட்டது என்று ஒருவர் சொன்னதால், போர்ட் பிளேயர் என்று முன்னர் வழங்கிய ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து கப்பலில் புதியதை வரவழைத்து மாட்டியிருந்தார்கள். "பணம் போனது, தாரை மாறவில்லையே, ஐயா" என்றார் அந்தச் சகோதரி.

மெம்பிரேனைக் குற்றஞ்சாட்டுமுன் ஓர் அளவுப் பாத்திரத்தையும் கடிகாரத்தையும் எடுங்கள். மணிக்கு 12 லிட்டர் தரும் இயந்திரம் நிமிடத்திற்கு 200 மில்லி தர வேண்டும். அங்கே 60 மில்லியே கிடைத்தது. அடுத்து, கழிவுநீர்க் குழாயைக் கவனித்தோம். அதுவும் மெலிந்தே ஓடியது. இதுவே முக்கியமான அடையாளம். கழிவுநீர் தாராளமாக ஓடி, நன்னீர் மட்டும் குறைந்தால், பெரும்பாலும் மெம்பிரேனில் உப்பும் சுண்ணாம்பும் படிந்திருக்கும். இரண்டும் குறைந்தால், உள்ளே வரும் நீரே போதவில்லை என்று அறியலாம்.

ஆகவே நீர் வரும் வழியே தேடினோம். வண்டல் வடிகட்டிக்கு முன்னுள்ள குழாயைக் கழற்றியபோது நீர் நன்றாக வந்தது. வடிகட்டிக்குப் பின்னுள்ள குழாயில் சொட்டியது. மழைக்காலச் சேறு படிந்து வடிகட்டி பழுப்பேறிக் கிடந்தது. அதை மாற்றியதும் 130 மில்லி கிடைத்தது. ஆனாலும் குறைவு தீரவில்லை.

மெம்பிரேனின் நுண்துளைகளுக்குள் நீரைத் தள்ள ஏறக்குறைய மூன்றரை கிலோ அழுத்தம் வேண்டும். 10 மீட்டர் உயர நீருக்கு ஒரு கிலோ அழுத்தமே உண்டு. எனவே மாடித் தொட்டி அதைத் தராது; இயந்திரத்தினுள் இருக்கும் பம்பே தருகிறது. ஆனால் பம்பும் தனக்கு வந்து சேரும் நீரையே தள்ள இயலும். வீட்டு இயந்திரங்கள் பலவற்றுக்கு உள்வரும் அழுத்தம் 0.3 கிலோவாவது வேண்டும். அதாவது 3 மீட்டர் உயரம். அந்த வீட்டில் தொட்டியின் நீர்மட்டத்திற்கும் இயந்திரத்திற்கும் இடையே 2 மீட்டரே இருந்தது.

இயந்திரத்தை ஒரு மீட்டர் தாழ்த்தி மாட்டினோம். 190 மில்லி வந்தது. தாழ்த்த இடமில்லாத வீடுகளில் தொட்டியை உயர்த்தலாம், அல்லது இயந்திரத்திற்கு முன் சிறிய பம்பு வைக்கலாம்.

ஓர் எச்சரிக்கை: தாரை பெருகும் என்று வண்டல் வடிகட்டியை நீக்கிவிட்டு ஓட்டாதீர்கள்; அந்தச் சேறு மெம்பிரேனை அடைத்துவிடும். கழிவுநீர்க் குழாயையும் மூடாதீர்கள். உப்பு வெளியேற வழியின்றி மெம்பிரேனிலேயே படியும்.

அந்தப் பழைய மெம்பிரேனைச் சகோதரி எறியாமல் வைத்திருந்தார். அதையே மீண்டும் மாட்டிப் பார்த்தோம். நிமிடத்திற்கு 180 மில்லி தந்தது.